அக்காவின் கைப் பிதுக்கம்

சேலை கட்டிய பெண்களின் கையை மெலிய வைப்பதுதான் என் பிழைப்பு. சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற போட்டோ ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான். படம் எடுப்பவர் முதலாளி. எடுத்த படத்தைப் பார்க்கும்படி ஆக்கித் தருவது என் வேலை. முகப்பரு, கண்ணுக்குக் கீழே கருவளையம், கழுத்து மடிப்பு என்று எத்தனையோ உண்டு. ஆனால் படிக்கட்டு இறங்கப் போகிறவர்கள் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பது ஒன்றைத்தான்.

"அக்கா, அந்தக் கைய மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க லா."

எந்தக் கை என்று நான் கேட்பதே இல்லை. ரவிக்கைக் கை முடிகிற இடத்தில் ஜரிகைக் கரை சதையைக் கவ்விப் பிடித்திருக்கும். அதற்குக் கீழே சதை பிதுங்கிக்கொண்டு நிற்கும். குண்டானவர்களுக்குத்தான் அப்படி ஆகும் என்று நினைக்காதீர்கள், ஒல்லிக்குச்சிக்கும் பிதுங்கும். ஏனென்றால் தையல் அப்படி. கொஞ்சம் தளர்வாகத் தைத்துக் கொடுத்தால், "என்ன இது, நைட்டி மாதிரி தொளதொளன்னு இருக்கு" என்று இதே பெண்கள்தான் தையல்காரரிடம் திருப்பிக் கொண்டுபோய்ச் சண்டை போடுவார்கள். இறுக்கமாகவும் இருக்க வேண்டும், பிதுங்கவும் கூடாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

வேலை சொல்வதற்குச் சுலபம். முதலில் ஜரிகைக் கரையின் மேல் ஒரு மறைப்பு பூசி அதை அசையாமல் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் சதையைத் தள்ளும்போது கரையும் சேர்ந்து வளையும், மாங்காய் டிசைன் முருங்கைக்காய் ஆகிவிடும். அப்புறம் பெரிய பிரஷ்ஷாக எடுத்துப் பிதுக்கத்தை உள்ளே தள்ள வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. சின்ன பிரஷ் எடுத்தால் கை ஓரம் நெளிநெளியாகிவிடும். பின்னால் தொங்கும் திரையின் மடிப்பும் கூடவே இழுபட்டிருக்கும், அதைத் தனியாக நிமிர்த்த வேண்டும். கடைசியில் கரைக்கு அடியில் இருக்கிற கறுப்பு நிழலை வெளுக்கணும், பிதுங்கிய மேட்டின் பளபளப்பை அடக்கணும். அந்த நிழலை விட்டுவிட்டால் எத்தனை தள்ளியும் பிரயோசனமில்லை, கை இன்னும் நசுங்கிக்கொண்டிருப்பது போலவே இருக்கும். தோலின் சொரசொரப்பு மட்டும் போகக் கூடாது. போனால் கடைப் பொம்மைக் கை.

இத்தனை வருஷத்தில் இது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம். கேட்டாலும் செய்வேன், கேட்காவிட்டாலும் செய்வேன். சேலைப் படம் என்றால் கை சரி பண்ணித்தான் வெளியே போகும், அது எங்கள் கடை வழக்கம். இன்றுவரை ஒருத்தியும் "ஏன் பண்ணினாய்" என்று கேட்டதில்லை, என் அக்காவைத் தவிர.

அக்காவும் அத்தானும் பிடோக்கில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தார்கள். பிள்ளை இல்லை. அக்காவுக்கு ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. நல்ல வாட்டசாட்டமான ஆள், சிரித்தால் லிஃப்டு வரை கேட்கும். வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்து, அறுத்து, மருந்து ஏற்றி, அது மறுபடி வந்து, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பியபோது பாதி ஆளாகியிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் காரியம் போட்டோ.

"எனக்கு எந்தப் படத்த மாட்டப் போறீங்க?"

"வாயக் கழுவு" என்றேன்.

"நீ உன் வாயக் கழுவு. அம்மாவுக்கு என்ன பண்ணீங்க? ஐசி கார்டு படத்தப் பெருசு பண்ணி மாட்டிட்டு, அது இன்னிக்கும் முழிச்சுக்கிட்டே இருக்கு. எனக்கு அந்த மாதிரி வேணாம் லா. உன் ஸ்டூடியோல தீபாவளிக்கு எடுத்தோமே, மாம்பழக் கலர் சேல. அதக் கொண்டா."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. உயிரோடு இருக்கிறவளுக்கு மாலை போடுகிற படம் பார்க்கச் சொல்கிறாளே என்று. ஆனாலும் கொண்டுபோனேன். நல்ல தாளில் பெரிதாக அச்சுப் போட்டு, சுருட்டி, கட்டிலில் அவள் மடியில் விரித்தேன். அது நோய் தெரிவதற்கு முந்தைய தீபாவளி. முகத்தில் அவ்வளவு வெளிச்சம். சேலை மடிப்பு ஒன்றுகூடக் கலையவில்லை. நான் செய்ததிலேயே நல்ல வேலை அது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு.

அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கையைப் பார்த்தாள்.

"இது யார் கைடி?"

"உன் கைதான். வேற யார் கை?"

"பொய் சொல்லாத." நைட்டியின் கையைத் தோள் வரை சுருட்டிவிட்டாள். தன் கையை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். எலும்பும் தோலுமாக, மேலே ஒரே அகலம், கீழே அதே அகலம். "பாரு. ரெண்டும் ஒண்ணா இருக்கா இல்லியா? நோய் பண்ண வேலைய நீ முன்னாடியே பண்ணி வெச்சிருக்க."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. முழங்கைக்கு மேலே மேடு பள்ளம் இல்லாமல் நேராக இறங்குகிற கை, இன்று கட்டிலில் கிடக்கிற அதே கை.

"வரவன் போறவன் எல்லாம் 'ஐயோ இளைச்சுட்டீங்களே, இளைச்சுட்டீங்களே'ங்கறான். செத்தப்புறமும் செவுத்துல இளைச்சுப் போயே தொங்கணுமா நான்? என் கையப் போட்டுக் குடு. ஜாக்கெட்டுல பிதுங்கிக்கிட்டு நிக்கும் பாரு, அந்தக் கை. நான் சாப்பிட்டு வளத்த கை."

"அவ்வளவுதானே? இப்பவே போய் மாத்திட்டு வரேன்" என்றேன். மூலப் படத்தை எடுத்தால் முடிந்தது, இதற்குப் போய் இத்தனை பேச்சா என்று ரயிலில் வரும்போது அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மூலப் படம் இல்லை.

வாடிக்கையாளர் படத்தை வாங்கிக்கொண்டு போய்ச் சில மாதம் ஆனதும் எடுத்த படங்களை அழித்துவிடுவோம். அடுத்த தீபாவளிக் கூட்டம் வருவதற்குள் கம்ப்யூட்டரில் இடம் வேண்டாமா? வேலை முடிந்த படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வோம். அதில் நான் தள்ளினதெல்லாம் தள்ளினதுதான், அதற்குள் பழைய கை எங்கும் ஒளிந்துகொண்டிருக்காது. முதலாளியிடம் போய் நின்றேன். பழைய டிஸ்க்கையெல்லாம் அவரே கொட்டிப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார். "சொந்தக்காரங்க படமாச்சே, தனியா எடுத்து வெச்சிருப்பேன்னு நெனச்சேன்."

யாருக்குத் தோன்றும், அக்காவின் கொழுப்புச் சதையை எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும் என்று!

சரி, வேறு படம் இருக்குமே என்று அவள் போனையும் அத்தான் போனையும் என் போனையும் குடைந்தேன். கல்யாணம், காதுகுத்து, கோயில், ஜோகூர் போனது எல்லாம் இருந்தது. கைதான் இல்லை. எல்லாப் படத்திலும் அவள் யாரையாவது முன்னால் நிறுத்திக்கொண்டு பின்னால் நிற்கிறாள். இல்லாவிட்டால் முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் போர்த்தியிருக்கிறாள். ஒரு படத்தில் கைப்பையைக் கைக்கு நேரே பிடித்திருக்கிறாள். பழைய கல்யாண ஆல்பத்தில் கை தெரிகிறது, ஆனால் அப்போது அவள் ஒல்லி. இத்தனை காலமும் தன் கையை மறைப்பதே வேலையாக இருந்திருக்கிறாள் பாவி. சாகப் போகும்போது அது வேண்டும் என்கிறாள்.

இல்லாததை உண்டாக்கப் பார்த்தேன். உள்ளே தள்ளுகிற அதே பிரஷ்ஷால் வெளியே இழுத்தேன். இழுத்த இடத்தில் தோல் ரப்பர் மாதிரி நீண்டது. நிழல் வரைந்தேன், மேட்டில் வெளிச்சம் போட்டேன். கரையைக் கொஞ்சம் வளைத்துச் சதைக்குள் அழுத்தினேன். திரையில் பார்த்தபோது ஏதோ இருக்கிற மாதிரிதான் இருந்தது. அச்சுப் போட்டுக் கொண்டுபோனேன்.

அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பில் சத்தமே இல்லை, உடம்பு மட்டும் குலுங்கியது.

"என்னடி, கொசு கடிச்சு வீங்கின மாதிரி இருக்கு!"

"கிண்டலா? என்னால அவ்வளவுதான் முடியும்."

"உனக்கு எடுக்கத்தான் தெரியும். வெக்கத் தெரியல." அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள், கண்ணை மூடிக்கொண்டாள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே அத்தான் யாரிடமோ போனில், "நல்லா இருக்கா லா, சாப்பிடறா" என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் வலி அதிகமாகி கடைசிக் காலத்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற ஹாஸ்பிஸில் அவளைச் சேர்க்கும்படி ஆனது. இனி நேரம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அங்கே கட்டிலில் கிடந்துகொண்டு, மருந்து மயக்கத்தில், நான் போகும்போதெல்லாம் அவள் கேட்டாள்.

"கை வந்துருச்சா?"

அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே வார்ப்பு. அம்மாவிடமிருந்து நிலமோ நகையோ வரவில்லை, இந்தக் கைதான் வந்தது. நானும் அதே கையைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறேன். அத்தானிடம் அந்த மாம்பழச் சேலையையும் ரவிக்கையையும் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து எடுத்து, மடித்து, ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

ஸ்டூடியோவில் உடை மாற்றுகிற தடுப்புக்குள் நின்று அக்காவின் ரவிக்கைக்குள் என் கையை நுழைத்தேன். முன்பக்கக் கொக்கி இரண்டு எட்டவில்லை, போனால் போகிறது, சேலை மறைத்துவிடும். கை மட்டும் அப்படியே பிடித்தது. கரை சதையில் இறங்கியது. குனிந்து பார்த்தால் பிதுக்கம் நின்றது. அக்காவின் வாசனை துணியில் இன்னும் இருந்தது. என்னால் கொஞ்ச நேரம் வெளியே வர முடியவில்லை.

முதலாளி பழைய படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, அன்று போலவே விளக்கை இடது பக்கம் நிறுத்தினார். நாற்காலி முதுகில் கை வைக்கச் சொன்னார். "கொஞ்சம் தோள எறக்கும்மா. ஆங், அக்கா அப்படித்தான் நின்னாங்க." வழக்கமாக "சிரிங்க" என்பார், அன்று அதைச் சொல்லவில்லை.

வெட்டி ஒட்டும் வேலை நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரே ரவிக்கை என்பதால் ஜரிகைக் கரை கரையோடு பொருந்தியது. கரைக்குக் கீழே என் கை, முழங்கைக்குக் கொஞ்சம் மேலேயிருந்து அவள் கை. நான் அவளைவிட ஒரு மாற்றுக் கறுப்பு, அதை மட்டும் கொஞ்சம் வெளுத்தேன். நிழல் நிஜ நிழல், சதை நிஜச் சதை, பொய் சொல்ல வேண்டியதே இல்லை. நடுவில் ஒருமுறை என் விரல் தானாகப் பெரிய பிரஷ்ஷை எடுத்துப் பிதுக்கத்தை உள்ளே தள்ளிவிட்டது. சீ, சனியனே என்று சத்தமாகத் திட்டிவிட்டு, தள்ளினதை ரத்து செய்தேன்.

கொண்டுபோன அன்று அக்கா விழித்திருந்தாள். அத்தான் கீழே காப்பி குடிக்கப் போயிருந்தார். படத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அவள் கண் நேராக அந்த இடத்துக்குத்தான் போனது. ரொம்ப நேரம் பார்த்தாள். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, நான் பார்த்தேன், வந்தது. அப்புறம் அது போனது.

"இது உன் கைடி."

"இல்லக்கா, உன்..."

"எத்தன தடவ கிள்ளியிருக்கேன். கிள்ளுன கை எனக்குத் தெரியாதா?"

நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். வேறு வழியில்லை, எங்கு தேடியும் உன் கை கிடைக்கவில்லை, நானே அழித்துவிட்டேன் என்றெல்லாம் உளறினேன். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை.

"அப்ப என்னுது போனதுதான்" என்றாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஏதோ கடையில் சாமான் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். கொஞ்சம் கழித்து, "இருக்கட்டும். இதயே மாட்டு. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாத" என்றாள்.

அவள் கேட்டதை நான் கொடுக்கவில்லை. கொடுக்க முடியவில்லை. அவள் பேசி நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். அதற்கப்புறம் தூக்கம், அப்புறம் மூச்சு மட்டும், அப்புறம் அதுவும் இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் படத்தைப் பார்த்துவிட்டு அழுதார்கள். "நேர்ல நிக்கற மாதிரியே இருக்கு" என்றாள் அவளோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். "நல்லா இருந்தப்ப எப்படி இருந்தாங்களோ அப்படியே" என்றாள் எதிர்வீட்டுக்காரி. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். என் வேலையை யாரும் இவ்வளவு பாராட்டியதில்லை.

காரியமெல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் வருவது நின்ற பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கட்டிக்கொண்டு பிடோக்குக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. அத்தான் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். புது மல்லிகை மாலை ஒரு பக்கமாக ஒதுங்கி, ஆணியில் மாட்டி நின்றது.

"மால கோணலா இருக்கு அத்தான்" என்று சரி செய்யப் போனேன்.

"விடும்மா, நான்தான் ஒதுக்கி விட்டேன். கைய மறைக்குது."

மாலையைத் தொடப் போன கையை எடுத்துக்கொண்டேன்.

"உங்க ஸ்டூடியோல எல்லாத்தயும் மாத்திடுவீங்கன்னு அவ சொல்லுவா. மொகத்த நீ கொஞ்சம் மாத்திட்டம்மா, தப்பா எடுத்துக்காத. பாத்தா யாரோ மாதிரி இருக்கு, சில நாளு பேசக்கூட வரமாட்டேங்குது." அவர் கண்ணாடி மேல் விரலை வைத்தார். கரைக்குக் கீழே, பிதுங்கிய இடத்தில். மெதுவாகத் தடவினார். "இந்தக் கை மட்டும் அப்படியே விட்டியே, அதுக்கு உனக்குக் கோடிப் புண்ணியம். இதப் புடிச்சாதான் எனக்குத் தூக்கமே வரும், தெரியுமா? முப்பது வருஷமா. இப்பவும் படுக்கறதுக்கு முன்னாடி வந்து தொட்டுட்டுத்தான் போறேன். இது ஒண்ணுதான் அவ."

ஐயோ, சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொன்னால் இந்த மனிதருக்கு இந்த வீட்டில் என்ன மிச்சம் இருக்கும்? அவர் விரல் கண்ணாடியில் போய்வந்துகொண்டிருந்தது.

நான் துப்பட்டாவை இழுத்து என் கையை மூடிக்கொண்டு, சாப்பாட்டைப் பிரிக்க உள்ளே போனேன்.